கேள்வி மாற்றமும் நெகிழ்ச்சியும்: ஒரு தாளில் மூன்று பத்திகள்

"ரீச்சர், நான் கிளிநொச்சியில உயர்தரம் வணிகப் பிரிவு. கேள்வி, நெகிழ்ச்சி அலகுக்கு மட்டும் என்னட்ட 22 பக்கம் நோட்ஸ் இருக்கு. வாசிச்சா விளங்குது, வரைபு கேட்டா பிழைக்குது. இதை வரைபுகளோட எப்படிச் சுருக்கி எழுதுறது? பிள்ளையள் வழமையா எங்க பிழை விடுறவை எண்டும் சொல்லுங்கோ."

ஒரு பண்டத்தை எடுங்கள். அதற்கு ஒரே ஒரு சமன்பாட்டைக் கொடுங்கள். அலகு முழுவதையும் அந்த ஒரு கோட்டின் மேலேயே வரையுங்கள். என்னிடம் வரும் கொப்பிகளில் ஏழெட்டு வரைபுகள் இருக்கும். ஒன்றில் தேயிலை, அடுத்ததில் பேனை, அதற்கடுத்ததில் வெறும் X பண்டம். ஒன்றிலும் எண் இருக்காது. எண் இல்லாத வரைபு பிழையாக இருந்தாலும் பிள்ளைக்குத் தெரியவராது. எண் போட்டால் வரைபே பிழையைக் காட்டிக்கொடுக்கும்.

நான் வகுப்பில் எடுப்பது குளத்து மீன். இரணைமடுவிலும் முத்தையன்கட்டிலும் வவுனிக்குளத்திலும் பிடித்து, சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் பெட்டி கட்டி வருகிற ஜப்பான் மீன்தான். கீழே வரும் எண்கள் கணக்குச் சுகமாக வருவதற்காக நான் வைத்தவை. சந்தை விலை என்று எடுக்க வேண்டாம். P என்பது கிலோ ஒன்றின் விலை, ரூபாயில். Q என்பது ஒரு நாளில் கிலோ.

```
கேள்வி:   Qd = 240 − 0.2P
நிரம்பல்: Qs = 0.2P
சமநிலை:   P = 600, Q = 120
```

ஒரு ஏ4 தாளைக் குறுக்காக வைத்து மூன்று பத்திகளாகப் பிரியுங்கள். கோடுகளைப் பென்சிலால், அடிமட்டம் வைத்துக் கீறுங்கள். சிவப்புப் பேனையைப் பிழைகளுக்கு மட்டும் வைத்திருங்கள். அதுவும் பக்கத்தின் அடியில் பட்டியலாக வேண்டாம். பிழை எந்த இடத்தில் நடக்குமோ அந்தப் புள்ளியின் பக்கத்திலேயே எழுதுங்கள்.

முதற் பத்தியில் இரண்டு சிறு வரைபுகள், ஒன்றின் கீழ் ஒன்றாக வரும். மேலே கடல்மீன், கீழே குளத்து மீன். வாடைக்காலத்தில் முல்லைத்தீவுக் கடல் குழம்பினால் சிறு வள்ளங்கள் தொழிலுக்குப் போகாது. கடல்மீனின் நிரம்பல் வளையி இடப்பக்கம் நகரும். விலை 1000 ரூபாயிலிருந்து 1500க்கு ஏறுகிறது என்று வையுங்கள். கடல்மீனின் கேள்வி வளையி அசையவே இல்லை. வாங்குகிறவர்கள் அதே கோட்டில் மேலேறி நிற்கிறார்கள். இது கேள்வித்தொகை குறைவு, அதாவது கேள்விச் சுருக்கம்.

இப்போது கீழ் வரைபுக்கு வாருங்கள். கடல்மீன் விலை ஏறியதால் ஆட்கள் குளத்து மீனுக்குத் திரும்புகிறார்கள். குளத்து மீனின் விலை இன்னும் 600 ரூபாய்தான். ஆனால் அதே விலைக்கு 120 கிலோ கேட்ட சந்தை இப்போது 180 கிலோ கேட்கிறது. இங்கே கோடே வலப்பக்கம் நகர்கிறது. இது கேள்வி அதிகரிப்பு.

ஒரே காற்று ஒரு பண்டத்தில் கோட்டின் வழியே அசைவையும், மற்றப் பண்டத்தில் கோட்டின் நகர்வையும் தருகிறது. அதனால்தான் இந்த இரண்டையும் ஒன்றின் கீழ் ஒன்றாக வரையச் சொல்கிறேன். வரைய முன் கேட்க வேண்டியது ஒன்றுதான்: மாறியது இந்த வரைபின் நிலைக்குத்து அச்சில் எழுதியிருக்கும் விலையா? ஆமென்றால் புள்ளி கோட்டின் வழியே அசையும். அந்த அச்சில் இல்லாத ஒன்று, அதாவது வருமானம், மற்றப் பண்டத்தின் விலை, விருப்பம், எதிர்பார்ப்பு, வாங்குவோர் தொகை ஆகியவற்றில் ஒன்று மாறினால் கோடு நகரும்.

போன வருடம் ஒரு மாணவியின் விடைத்தாளில் இந்த மேல் வரைபைப் பார்த்தேன். நிரம்பலைச் சரியாக இடப்பக்கம் நகர்த்தியிருந்தாள். பிறகு "விலை கூடியதால் கேள்வி குறைந்தது" என்று எழுதி, கேள்வி வளையியையும் இடப்பக்கம் தள்ளியிருந்தாள். அம்புக்குறிகள் எல்லாம் அழகாக இருந்தன. அவளிடம் புதிய சமநிலை விலையை அடிமட்டம் வைத்துப் பார்க்கச் சொன்னேன். அவள் கீறிய அளவில் இரண்டு கோடும் சேர்ந்து நகர்ந்து, விலை பழைய இடத்துக்கே வந்துவிட்டது. விலை கூடியதால்தானே கேள்வியை நகர்த்தினாய், இப்போது விலை கூடவே இல்லையே என்று கேட்டபோது அவளுக்கே விளங்கியது. சிவப்புப் பேனையால் முதலில் எழுத வேண்டியது இதைத்தான்: தன் விலை தன் கோட்டை நகர்த்தாது.

எதிர்பார்ப்பு இதிலேயே வரும் ஒரு கிளைப் பிழை. மாதக் கடைசியில் நள்ளிரவோடு பெற்றோல் விலை கூடப் போகிறது என்ற கதை வந்தால் அன்று பின்னேரமே ஷெட்டில் வரிசை நிற்கும். விலை இன்னும் கூடவில்லை, பழைய விலைக்கே கூடக் கேட்கிறார்கள்; ஆகவே அன்றைய கேள்வி வளையி வலப்பக்கம் நகர்கிறது. அடுத்த நாள் விலை உண்மையாகவே கூடினால் அது கோட்டின் வழியே மேலேறும் அசைவு. "விலை கூடும்" என்ற சொல்லைக் கண்டதும் கோட்டின் வழியே போய்விடுவது வழமையான தவறு. வினாவில் "கூடியது" என்று இருக்கிறதா, "கூடும் என எதிர்பார்க்கப்படுகிறது" என்று இருக்கிறதா என்பதைக் கீழ்க்கோடிட்டு வாசியுங்கள்.

இரண்டாவது பத்தி நெகிழ்ச்சிக்கு. அதே குளத்து மீன் கோடுதான். நிலைக்குத்து அச்சை 1200இல் தொடும், கிடையச்சை 240இல் தொடும். அதில் மூன்று புள்ளிகளைக் குறியுங்கள்: 900 ரூபாய்க்கு 60 கிலோ, 600 ரூபாய்க்கு 120 கிலோ, 300 ரூபாய்க்கு 180 கிலோ. புள்ளி நெகிழ்ச்சிச் சூத்திரம் இது:

```
e = (ΔQ/ΔP) × (P/Q)
```

இங்கே ΔQ/ΔP எல்லா இடத்திலும் −0.2. குறியை விட்டுவிட்டுப் பார்த்தால் மேல் புள்ளியில் 0.2 × 900/60 = 3. நடுவில் 0.2 × 600/120 = 1. கீழே 0.2 × 300/180 = 1/3. ஒரே கோடு, ஒரே சாய்வு, மூன்று நெகிழ்ச்சி. ஆகவே ஒரு நேர்கோட்டைக் காட்டி "இது நெகிழ்ச்சியுள்ள கேள்வி" என்று முழுக் கோட்டுக்கும் பெயர் வைக்க முடியாது. மேல் பாதி நெகிழ்ச்சியுள்ளது, நடுப்புள்ளி அலகு நெகிழ்ச்சி, கீழ்ப் பாதி நெகிழ்ச்சியற்றது. தட்டையான கோடு நெகிழ்ச்சி, நிமிர்ந்த கோடு நெகிழ்ச்சியின்மை என்ற விதி இரண்டு கோடுகள் ஒரே புள்ளியில் வெட்டும்போது அந்தப் புள்ளிக்கு மட்டும் செல்லும்.

இந்த இடத்தில் கெட்டிக்காரப் பிள்ளைகளும் விழுகிற குழி ஒன்று இருக்கிறது. பொருளியலில் மார்ஷல் காலத்திலிருந்து விலையை நிலைக்குத்து அச்சில் போடுகிறோம். ஆகவே வரைபைப் பார்த்து நீங்கள் அளக்கும் சாய்வு ΔP/ΔQ. நம் கோட்டில் அது −5. சூத்திரம் கேட்பது அதன் தலைகீழ், −0.2. கணிதப் பாடத்தில் பழகிய கை −5ஐப் போட்டுவிடும்: 5 × 600/120 = 25. நேர்கோட்டின் நடுப்புள்ளியில் 25 வந்தால் தலைகீழாகப் போட்டிருக்கிறீர்கள் என்று உடனே தெரிந்துகொள்ளலாம். நடுப்புள்ளியில் எப்போதும் 1தான் வர வேண்டும். சரிபார்க்க இன்னொரு குறுக்கு வழியும் உண்டு. நேர்கோட்டில் நெகிழ்ச்சி என்பது விலையை, "கோடு விலை அச்சைத் தொடும் இடம் கழித்தல் அந்த விலை" என்பதால் பிரிப்பதற்குச் சமன். 900/(1200 − 900) = 3. Q தேவையே இல்லை.

அதே கோட்டின் நேர் கீழே, கிடையச்சைப் பொருத்தி, மொத்த வருமான வரைபைக் கீறுங்கள். 60 கிலோவில் 54,000 ரூபாய், 120 கிலோவில் 72,000, 180 கிலோவில் மறுபடியும் 54,000. மலை போல ஏறி இறங்கும், உச்சி அலகு நெகிழ்ச்சிப் புள்ளிக்கு நேர் கீழே நிற்கும். இரண்டு வரைபையும் புள்ளிக்கோட்டால் இணைத்துவிட்டால் "விலை குறைந்தால் வருமானம் கூடுமா குறையுமா" என்ற வகை வினா எதற்கும் பாடமாக்க ஒன்றும் இல்லை. குளம் வற்றி மீன் குவியும் நாட்களில் விலை 450இலிருந்து 300க்கு இறங்குகிறது என்று வையுங்கள். விற்பது 150 கிலோவிலிருந்து 180க்குக் கூடும். வருமானமோ 67,500இலிருந்து 54,000க்கு விழும். கூடப் பிடித்தும் கையில் வருவது குறைவு. கோட்டின் கீழ்ப் பாதியில் நிற்பதுதான் காரணம். காலபோக அறுவடையோடு நெல் விலை விழும்போது எங்கள் வீடுகளில் நடப்பதும் இந்தப் படம்தான்.

இந்தப் பத்தியின் ஓரத்தில் ஒரு சின்னக் கணக்கையும் எழுதி வையுங்கள். விலை 900இலிருந்து 600க்கு இறங்கினால், ஆரம்பப் புள்ளியை அடியாக வைத்து, தொகை 100 வீதம் கூடுகிறது, விலை 33.3 வீதம் குறைகிறது, நெகிழ்ச்சி 3. அதே பாதையில் திரும்பி 600இலிருந்து 900க்கு ஏறினால் தொகை 50 வீதம் குறைகிறது, விலை 50 வீதம் கூடுகிறது, நெகிழ்ச்சி 1. ஒரே இரண்டு புள்ளிக்கு இரண்டு விடை. இதற்காகத்தான் வில் நெகிழ்ச்சியில் சராசரியை அடியாக எடுக்கிறோம்: 60/90ஐ 300/750ஆல் பிரித்தால் 1.67, எந்தப் பக்கத்தால் போனாலும் அதுதான். ஒரு புள்ளி தந்தால் புள்ளி முறை, இரண்டு புள்ளிகளுக்கிடையே கேட்டால் வில் முறை. வினா "ஆரம்ப விலையை அடிப்படையாகக் கொண்டு" என்று சொன்னால் மட்டும் முதற் கணக்கு.

மூன்றாவது பத்திதான் இந்த அலகின் மிகக் கடினமான இடம். மாற்றமும் நெகிழ்ச்சியும் ஒரே வரைபில் சந்திப்பது இங்கேதான். இதற்குத் தாளில் கூட இடம் விடுங்கள்.

பழைய கோடு D1. வாடைக்காற்றுக்குப் பிறகு வந்த கோடு D2, அதன் சமன்பாடு 300 − 0.2P. எல்லா விலையிலும் 60 கிலோ வலப்பக்கம். நிரம்பல் S அசையவில்லை. பழைய சமநிலை E1: 600 ரூபாய், 120 கிலோ. புதியது எங்கே? 300 − 0.2P = 0.2P என்று தீர்த்தால் P = 750, Q = 150. இது E2. இன்னொரு புள்ளியையும் குறியுங்கள், இதற்கு F என்று பெயர் வைப்போம்: D2 மீது, பழைய விலை 600இல், 180 கிலோ.

F ஒரு சமநிலை அல்ல. 600 ரூபாய்க்கு 180 கிலோ கேட்கிறார்கள், வருவது 120 கிலோ. இடைவெளி 60 கிலோ மிகைக் கேள்வி. அதுதான் விலையை மேலே தள்ளுகிறது. விலை ஏற ஏற, வாங்குவோர் D2 வழியே F இலிருந்து E2க்குப் பின்வாங்குகிறார்கள். விற்போர் S வழியே E1 இலிருந்து E2க்கு முன்வருகிறார்கள். கேள்வி கூடியது 60 கிலோ, சமநிலைத் தொகை கூடியது 30 கிலோதான். "கேள்வி 60 கூடியது, ஆகவே புதிய தொகை 180" என்று எழுதுவது இங்கே முதல் பிழை.

இரண்டாவது பிழைதான் எனக்கு அதிகம் கவலை தருவது, ஏனென்றால் கணக்கு முழுவதும் ஒழுங்காக இருக்கும். வினாவில் விலை 600இலிருந்து 750க்கும், தொகை 120இலிருந்து 150க்கும் போனது என்று இருக்கும். பிள்ளை உடனே சூத்திரத்தில் போடும்: 25 வீதம் கீழ் 25 வீதம், விடை 1, "கேள்வி அலகு நெகிழ்ச்சியுடையது". விலையும் தொகையும் ஒரே திசையில் போயிருக்கின்றன என்பதைக் கவனிக்காமல், பழக்கத்தில் குறியை விட்டுவிட்டதால் பிழை மறைந்துவிடுகிறது. வரைபைப் பாருங்கள். E1 இருப்பது D1 மீது, E2 இருப்பது D2 மீது. இரண்டையும் இணைக்கும் கோடு எது? S. அந்த 1 நிரம்பலின் நெகிழ்ச்சி. இரண்டு அச்சுகளும் சந்திக்கும் உற்பத்திப் புள்ளியிலிருந்து புறப்படும் நேர்கோட்டு நிரம்பலுக்கு எப்போதும் 1தான் வரும். கேள்வி நகர்ந்தால் இரண்டு சமநிலைகளும் நிரம்பலைத்தான் காட்டும். நிரம்பல் நகர்ந்தால் கேள்வியைக் காட்டும். சிவப்புப் பேனையால் E1க்கும் E2க்கும் இடையில் "இது S" என்று எழுதிவிடுங்கள். கணக்கிட முன் குறியைப் பாருங்கள்: விலையும் தொகையும் சேர்ந்து ஏறியிருந்தால் அது கேள்வியின் விலை நெகிழ்ச்சி அல்ல.

குறுக்கு நெகிழ்ச்சி கேட்டால் எந்தத் தொகையை எடுப்பது? கடல்மீன் விலை 50 வீதம் கூடியது. குளத்து மீன் 120இலிருந்து 180க்கா, 150க்கா? "ஏனையவை மாறாதிருக்க" என்பது குளத்து மீனின் சொந்த விலையையும் சேர்த்துத்தான். ஆகவே F: 50 வீதம் கீழ் 50 வீதம், விடை +1, குறி நேர், பிரதியீட்டுப் பண்டம். 150ஐ எடுத்தால் 0.5 வரும். அதில் சொந்த விலை 750க்கு ஏறியதன் விளைவும் கலந்துவிட்டது. E2இல் விலை மாறியிருக்கிறது, Fஇல் மாறவில்லை. பார்க்க வேண்டியது அவ்வளவுதான். இங்கே குறியை விட்டுவிடவும் கூடாது. விலை நெகிழ்ச்சியில் குறி எல்லோருக்கும் தெரிந்தது, விடலாம். குறுக்கு நெகிழ்ச்சியிலும் வருமான நெகிழ்ச்சியிலும் குறிதான் விடை: நேரா எதிரா என்பதில்தான் பிரதியீடு, நிரப்பு, சாதாரண பண்டம், இழிவுப் பண்டம் எல்லாம் பிரிகின்றன.

இதே வரைபில் இன்னும் ஒன்று. D1உம் D2உம் சமாந்தரம். "சாய்வு ஒன்றே, ஆகவே நெகிழ்ச்சி ஒன்றே" என்று பல்தேர்வில் ஒரு விடை இருக்கும், ஆட்கள் அதில் விழுவார்கள். 600 ரூபாயில் D1இன் நெகிழ்ச்சி 1. D2 விலை அச்சை 1500இல் தொடும்; 600/(1500 − 600) = 2/3. வலப்பக்கம் நகர்ந்ததும் அதே விலையில் நெகிழ்ச்சி குறைந்துவிட்டது. காரணம் எளிது: விலை 100 ரூபாய் குறைந்தால் இரண்டு கோட்டிலும் 20 கிலோதான் கூடும், 120 கிலோ வாங்குகிற இடத்தில் அந்த 20 பெரிய பங்கு, 180 கிலோ வாங்குகிற இடத்தில் சிறிய பங்கு.

இந்தத் தாளில் அடங்காதவையும் உண்டு. பூரண நெகிழ்ச்சி, பூரண நெகிழ்ச்சியின்மை, எல்லாப் புள்ளியிலும் அலகு நெகிழ்ச்சியுள்ள வளைந்த கோடு ஆகிய மூன்றையும் தாளின் பின்பக்கத்தில் தீப்பெட்டி அளவில் வரைந்தால் போதும். அங்கே எண் தேவையில்லை. நெகிழ்ச்சியைத் தீர்மானிக்கும் காரணிகளை நான்கு வரியில் எழுதிவிடுங்கள். அவற்றில் யாரும் அதிகம் பிழைவிடுவதில்லை.

தாள் முடிந்ததும் இரண்டு நாள் அதைப் பார்க்காமல் வையுங்கள். பிறகு வெறுந்தாளில் மூன்றாவது பத்தியின் வரைபை மட்டும், வேறு எண்களோடு, நீங்களே வரையுங்கள். D1ஐ 100 − 0.1P என்று ஆரம்பித்தாலும் சரி. E1, E2 இரண்டும் கையில் வந்துவிடும். F வராமல் விடுபட்டால், மிகைக் கேள்வியும் குறுக்கு நெகிழ்ச்சியும் இன்னும் மனதில் ஊறவில்லை. முதற் பத்தியின் கீழ் வரைபுக்குப் போய், விலை 600இல் நிற்கும்போது கோடு எங்கே போனது என்பதை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு மறுபடி கீறுங்கள்.